மைனரின் கையெழுத்தும் கடன் கொடுத்தவரின் பணமும்

1895 ஜூலை 20 அன்று கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற இளைஞர் தம் வீடுகளை அடமானம் எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர் பிரம்மோ தத் என்ற லேவாதேவிக்காரர். பத்திரத்தில் எழுதிய தொகை 20,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். கையில் வந்த பணம் 10,500 ரூபாய்தான் என்று விசாரணை நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. பிரம்மோ தத் அப்போது ஊரில் இல்லை. அவருக்காக எல்லாவற்றையும் கவனித்தவர் கேதார்நாத் மித்தர் என்ற அட்டர்னி. பத்திரம் எழுதுவதற்கு ஐந்து நாள் முன்பே, அதாவது ஜூலை 15 தேதியிட்டு, தர்மோதாஸின் தாயார் தரப்பு அட்டர்னி எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தார். பையன் இன்னும் மைனர், அவனுக்குக் கடன் கொடுப்பவர் தம் சொந்தப் பொறுப்பில் கொடுக்க வேண்டியதுதான் என்பது அதன் சாரம். கடிதமே வரவில்லை என்று கேதார்நாத் சாதித்தார். நீதிமன்றம் நம்பவில்லை.

தாயாரை உயர் நீதிமன்றம் கார்டியனாக நியமித்திருந்ததால், அன்றைய சட்டப்படி தர்மோதாஸ் மேஜராக 21 வயது நிறைய வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே, ஜூன் 17 அன்று தனக்கு அந்த வயது நிறைந்துவிட்டதாக அவரிடமே ஓர் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி, தாயார் மூலமாக, அடமானத்தை ரத்து செய்யக் கோரி வழக்கு வந்தது. அது எட்டு ஆண்டு நடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இடையில் பிரம்மோ தத் இறந்துபோக, வழக்கைத் தொடர்ந்தவர்களில் ஒருவரான மொஹொரி பீபியின் பெயரே தீர்ப்புக்கும் பெயராகிவிட்டது. 1903-இல் வந்த தீர்ப்பு: மைனர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, வாங்கிய பணத்தையும் அவர் திருப்பித் தர வேண்டியதில்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தியாவில் மைனர் ஒப்பந்தம் என்றாலே இந்தத் தீர்ப்பில்தான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் அதில் இரண்டு தீர்மானங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்பது. மற்றொன்று, கொடுத்த பணம் கொடுத்ததுதான் என்பது. முதலாவது சரி என்பதும், இரண்டாவதற்கு அந்தத் தீர்ப்பு சொன்ன காரணம் தவறு என்பதும் என் முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் சட்டம் அறுபது ஆண்டு தடுமாறியது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, மைனர் ஒப்பந்தம் செல்லாது என்று எங்கும் நேராகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களிடையே ஆன உடன்படிக்கைகளே ஒப்பந்தம் ஆகும் என்கிறது 10-ஆம் பிரிவு. மேஜர் வயதை எட்டியவருக்கே அந்தத் தகுதி உண்டு என்கிறது 11-ஆம் பிரிவு. சட்டத்தால் நிறைவேற்ற முடியாத உடன்படிக்கை செல்லாதது என்கிறது 2-ஆம் பிரிவு. மூன்றையும் வரிசையாக வைத்தால் வேறு விடைக்கு இடமில்லை. 1903-க்கு முன்பு நம் உயர் நீதிமன்றங்கள் பலவும் இங்கிலாந்து வழக்கத்தை ஒட்டி, மைனர் விரும்பினால் தவிர்க்கலாம், இல்லாவிட்டால் ஏற்கலாம் என்று கருதிவந்தன. சட்டத்தின் வாசகத்தைப் படித்த பிரிவி கவுன்சில் அந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்த இடத்தில் தீர்ப்போடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை.

வயதைப் பொய்யாகச் சொன்னவர் பிறகு அதை மறுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. சாட்சியச் சட்டத்தின் அன்றைய 115-ஆம் பிரிவுப்படி, ஒருவரை ஒன்றை நம்பவைத்து நடக்கச் செய்தவர் பின்னர் அதை மறுக்க முடியாது. அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்றது பிரிவி கவுன்சில். உண்மை இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடன் கொடுத்தவர் உண்மையாகவே ஏமாந்திருந்தாலும் விடை அதுதான் என்று பிற்கால நீதிமன்றங்கள் சேர்த்துக்கொண்டன. ஒரு சட்டம் தகுதியில்லை என்று சொன்னதை, ஒரு பொய்யால் தகுதி உண்டு என்று மாற்றிவிட முடியாது என்பது அதன் நியாயம். அதையும் ஏற்கலாம்.

இனி பணம். ஓர் உடன்படிக்கை செல்லாதது என்று கண்டறியப்பட்டால், அதன்கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. பிரம்மோ தத் தரப்பு இதைத்தான் கேட்டது. தகுதியுள்ளவர்களிடையே ஆன ஒப்பந்தங்களுக்கு மட்டுமே இந்தப் பிரிவு என்று பிரிவி கவுன்சில் கதவை மூடியது. தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இது. பிரிவின் வாசகம் ‘உடன்படிக்கை’, ‘ஒப்பந்தம்’ இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. உடன்படிக்கைக்குத் தகுதி வேண்டும் என்று சட்டத்தில் எந்த வரியும் இல்லை. தகுதி கேட்கப்படுவது அது ஒப்பந்தமாக உயரும்போதுதான். மைனரின் உடன்படிக்கை செல்லாதது என்று முந்தைய பத்தியில் சொல்லிவிட்டு, செல்லாத உடன்படிக்கைக்கான பிரிவு அதற்குப் பொருந்தாது என்று அடுத்த பத்தியில் சொல்வது எப்படி?

இத்தனைக்கும் பிரம்மோ தத்தைத் தோற்கடிக்க அந்த அகலமான விளக்கம் தேவைப்படவே இல்லை. பிரிவு பேசுவது, செல்லாது என்று பின்னால் ‘கண்டறியப்படும்’ உடன்படிக்கையைப் பற்றி. முதல் நாளே கடிதத்தைக் கையில் வைத்திருந்தவர் பின்னால் எதைக் கண்டறிந்தார்? இந்தக் குறுகிய காரணமே போதுமாக இருந்தது. தெரிந்தே கொடுத்தவருக்குப் பணம் இல்லை என்பதோடு தீர்ப்பு நின்றிருந்தால், ஏமாந்து கொடுத்தவரின் நிலை திறந்த கேள்வியாக இருந்திருக்கும். சட்ட ஆணையமும் 1958-இல் ஒப்பந்தச் சட்டம் பற்றிய தன் 13-ஆவது அறிக்கையில் இந்த விளக்கத்தை ஏற்காமல், மைனரையும் 65-ஆம் பிரிவுக்குள் கொண்டுவரத் திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் ஒப்பந்தச் சட்டத்தில் ஏறவே இல்லை.

கதவு மூடப்பட்டதும் ஜன்னல் தேடினார்கள். பத்திரத்தை ரத்து செய்யும்போது, ரத்து கேட்டவர் நியாயமான ஈட்டைத் தர வேண்டும் என்று உத்தரவிட, பழைய குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் நீதிபதிக்கு விருப்ப அதிகாரம் கொடுத்திருந்தது. தர்மோதாஸ் வழக்கில் அதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் கடன் கொடுத்தவர் தெரிந்தே கொடுத்தது. ஆனால் இந்த வழி, மைனர் வாதியாக வந்து ரத்து கேட்டால்தான் திறக்கும். கடன் கொடுத்தவர் வாதியாகி, மைனர் எதிர்வாதியாக ‘நான் அப்போது மைனர்’ என்று சொன்னால்?

1928-இல் லாகூர் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முன் வந்தது அதுதான். கான் குல் என்ற மைனர் வயதை மறைத்து ஒரு நிலத்தை 17,500 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டு, விலையையும் பெற்றுக்கொண்டு, நிலத்தைத் தர மறுத்தார். தலைமை நீதிபதி ஷாதி லால், நிலம் கிடைக்காது, பணம் திரும்ப வேண்டும் என்றார். மைனர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து நியாயம் மாறக் கூடாது. பொருளைத் திருப்பச் சொல்லலாம் என்றால் பணத்தையும் சொல்லலாம் என்பது அவர் வாதம். 1937-இல் அலகாபாத் முழு அமர்வு, அயோத்யா பிரசாத் எதிர் சந்தன் லால் வழக்கில், இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. கடனைத் திருப்பச் சொல்வது, செல்லாத ஒப்பந்தத்தைப் பின்வாசல் வழியாக நிறைவேற்றுவதாகும் என்றது. இங்கிலாந்திலும் 1914-இல் லெஸ்லி எதிர் ஷீல் வழக்கில் இதே நிலைதான். மேஜர் என்று பொய் சொல்லி 400 பவுண்டு கடன் வாங்கியவரிடமிருந்து அப்பீல் நீதிமன்றம் எதையும் வாங்கித் தரவில்லை. மோசடியாகப் பெற்ற பொருள் கையில் இருந்தால் திருப்பச் சொல்லலாம். செலவாகிவிட்ட பணத்துக்கு ஈடாக வேறு பணம் கேட்டால் அது கடன் வசூல்.

எந்தப் பக்கம் சரி? இரண்டிலும் பாதி. அலகாபாத்தின் பயம் வெற்றுப் பயம் அல்ல. 17 வயதுப் பையன் ஒரு லட்சம் வாங்கித் தொலைத்துவிட்டால், அந்த லட்சத்தை அவன் பிற்காலச் சம்பாத்தியத்திலிருந்து பிடிப்பது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதுதான். வட்டி மட்டும் மிச்சம். மைனருக்குப் பாதுகாப்பு எதற்கு? அவன் அனுபவமின்மையை விலை பேசுபவரிடமிருந்து காக்க. அந்த ஆபத்தைக் கடன் கொடுப்பவர் மீது வைத்தால்தான் அவர் வயதுச் சான்று கேட்பார். ஆனால் வாங்கிய பணம் நிலமாகவோ நகையாகவோ வங்கி இருப்பாகவோ அவன் கையில் இருக்கும்போது, ‘செல்லாது’ என்ற ஒரே சொல்லால் அதையும் வைத்துக்கொள்ள விடுவது பாதுகாப்பு ஆகாது, அது பரிசு. ஷாதி லால் இதைச் சரியாகப் பார்த்தார். எங்கே நிறுத்துவது என்ற எல்லையைத்தான் அவர் போதிய தெளிவோடு வரையவில்லை.

அந்த எல்லையை 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 33-ஆம் பிரிவில் போட்டது. மைனர் வாதியாக வந்து பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால், பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தரவும், நியாயம் கேட்கும் ஈட்டைக் கொடுக்கவும் நீதிமன்றம் சொல்லலாம். எதிர்வாதியாக நின்று, தகுதியின்மையால் உடன்படிக்கை செல்லாது என்று சொன்னாலும் ஆதாயத்தைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் அவரோ அவர் சொத்தோ எவ்வளவு பயனடைந்ததோ அந்த அளவுக்கு மட்டும். லாகூரின் கொள்கையும் அலகாபாத்தின் கவலையும் ஒரே பிரிவில் உட்கார்ந்திருக்கின்றன. இன்றும் பல கையேடுகள் 1903 தீர்ப்போடு நிறுத்திக்கொண்டு, கொடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று எழுதிவிடுகின்றன. அது பழங்கணக்கு.

இன்றைய கணக்கு எப்படி ஓடும் என்பதை ஒரு கற்பனை வழக்கில் பார்ப்போம். ஈரோட்டில் 17 வயது 10 மாதமான ஒருவர் தமக்கு 19 என்று சொல்லி, புரோநோட்டில் கையெழுத்திட்டு, 1,50,000 ரூபாய் வாங்குகிறார். கடன் கொடுத்தவர் உண்மையாகவே நம்பிவிட்டார். 90,000 ரூபாயில் ஒரு கேமரா வந்தது. இப்போது விற்றால் 60,000 போகும். 30,000 கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று. மீதி 30,000 நண்பர்களோடு கோவாவில் கரைந்தது. வழக்கு வருகிறது, பிறப்புச் சான்றிதழைக் காட்டி அவர் மைனர் என்று நிரூபிக்கிறார். நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே.

புரோநோட்டு அவரைக் கட்டுப்படுத்தாது. அதில் எழுதிய வட்டிக்கும் இடமில்லை. கேமரா கையில் இருப்பதால் அதையோ, அதன் இன்றைய மதிப்பான 60,000 ரூபாயையோ திருப்பச் சொல்ல 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. 90,000 கேட்க முடியாது. தேய்மானம் கொடுத்தவர் தலையில். கோவா பணம் போனது போனதுதான். அதனால் அவர் சொத்து ஒரு ரூபாய்கூட வளரவில்லை.

கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு பாதை உண்டு. ஒப்பந்தத் தகுதியில்லாதவருக்கு அவர் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற தேவைகளை வழங்கியவர், அவர் சொத்திலிருந்து ஈடு பெறலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. தேவைக்காகக் கொடுத்த கடனையும் நீதிமன்றங்கள் இதற்குள் சேர்த்திருக்கின்றன. உணவு, உடை மட்டுமல்ல, படிப்பும் மருத்துவமும் தேவைதான். ஆனால் பொருளின் வகையை மட்டும் பார்த்தால் போதாது. 1908-இல் நாஷ் எதிர் இன்மன் வழக்கில் லண்டன் தையற்காரர் ஒருவர் கேம்பிரிட்ஜ் மாணவருக்குத் தைத்துக் கொடுத்த உடைகளில் 11 ஆடம்பர வெயிஸ்ட்கோட்டுகள் இருந்தன. பணக்கார வீட்டுப் பிள்ளை அணியத்தக்கவை அல்ல என்று யாரும் சொல்லவில்லை. தந்தை ஏற்கெனவே போதுமான உடை வாங்கித் தந்திருந்தார் என்பதால் தையற்காரர் தோற்றார். வாழ்க்கை நிலைக்குத் தக்கதா, அந்த நேரத்தில் உண்மையிலேயே தேவைப்பட்டதா என்ற இரண்டையும் கொடுத்தவரே காட்டியாக வேண்டும். நம் ஈரோட்டு வழக்கில், கட்டணம் கட்டாவிட்டால் படிப்பு நின்றிருக்கும் என்று காட்டினால் 30,000 கேட்கலாம். எதிலிருந்து? சொத்திலிருந்து மட்டும். மைனர்மீது நேரடிப் பொறுப்பு எதுவும் ஏறாது. அவர் பெயரில் கேமராவைத் தவிர எதுவும் இல்லை என்றால், கையில் கிடைத்தது தீர்ப்புக் காகிதம்தான்.

இனி அவருக்கு 18 வயது நிறைகிறது. கடன் கொடுத்தவர் விடாமல், பழைய தொகைக்குப் புது நோட்டு எழுதி வாங்குகிறார். நம் ஊரில் இது சகஜம், ஆனால் பயனில்லை. செல்லாததைப் பின்னால் ஒப்புக்கொண்டு உயிர்ப்பிக்க முடியாது. மைனராக இருந்தபோது வாங்கிய பணம் புதிய வாக்குறுதிக்குப் பிரதிபலன் ஆகாது என்பதே பெரும்பான்மைத் தீர்ப்புகளின் போக்கு. அவரே மனமுவந்து பணத்தைக் கட்டிவிட்டால் அது வேறு.

கடன் கொடுத்தவர் உண்மை தெரிந்தே கொடுத்திருந்தால்? 33-ஆம் பிரிவு ‘செய்யலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘செய்ய வேண்டும்’ என்று அல்ல. அங்கேதான் பிரம்மோ தத் மறுபடியும் தோற்பார், தோற்கவும் வேண்டும். அவரை விரட்ட 65-ஆம் பிரிவை வளைக்க வேண்டியதில்லை. இந்த விருப்ப அதிகாரமே போதும்.

இதுவரை பேசியது மைனரிடம் ஏமாந்தவரைப் பற்றி. ‘செல்லாது’ என்ற விதி மைனரையே அடிக்கும் இடமும் உண்டு. அதைத் திறனாய்வாளர்கள் குறைவாகவே தொடுகிறார்கள். 1949-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ் ராணி எதிர் பிரேம் அதீப் வழக்கு வந்தது. மைனர் பெண்ணுக்காக அவள் தந்தை ஒரு படத் தயாரிப்பாளரோடு நடிப்பு ஒப்பந்தம் செய்திருந்தார். தயாரிப்பாளர் ஒப்பந்தத்தை முறித்தபோது அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. மைனர் தரும் வாக்குறுதி பிரதிபலன் ஆகாது. எனவே எதிர்த் தரப்பின் வாக்குறுதியும் நிற்காது. பாதுகாக்கப்பட வேண்டியவர் வெறுங்கையோடு போனார், பலசாலி தப்பினார்.

சென்னை உயர் நீதிமன்றம் 1916-இலேயே இதில் ஒரு வேறுபாட்டைக் கண்டிருந்தது. ராகவாச்சாரியார் எதிர் சீனிவாச ராகவாச்சாரியார் வழக்கில், தன் பணம் முழுவதையும் கொடுத்துவிட்ட மைனரின் பெயரில் எழுதப்பட்ட அடமானம் செல்லும் என்று முழு அமர்வு கூறியது. மைனர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை; அவரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதியும் இல்லை; அவருக்கு வர வேண்டியது மட்டும் இருக்கிறது. மைனர் பெறுவதற்குத் தடையில்லை, கட்டுப்படத்தான் தடை. நல்ல தீர்ப்பு, ஆனால் பம்பாய்ப் பெண்ணைக் காப்பாற்ற அதுவும் போதாது, ஏனென்றால் அவள் வேலை இன்னும் பாக்கியிருந்தது. இங்கிலாந்தில், மைனரின் நன்மைக்கான வேலை, பயிற்சி ஒப்பந்தங்கள் அவரைக் கட்டுப்படுத்தும். அதனால் எதிர்த் தரப்பையும் கட்டுப்படுத்தும். 1903-இன் வாசக நேர்மை நமக்கு அந்த இடைநிலையை விட்டுவைக்கவில்லை. நடிப்பு, விளையாட்டு, விளம்பரம் என்று 16, 17 வயதுக்காரர்கள் சம்பாதிக்கும் காலத்தில் நாடாளுமன்றம் திருத்த வேண்டிய முதல் இடம் இதுதான் என்பேன். இதற்கு அடுத்தது, மறந்துபோன அந்த 65-ஆம் பிரிவுப் பரிந்துரை.

கார்டியன் கையெழுத்திட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் அளவு உண்டு. இந்து மைனருக்கு, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தையோ தாயோ தம் வாக்குறுதியால் அவரை நேரடிப் பொறுப்பில் மாட்டிவிட முடியாது. மைனரின் தனிச் சொத்தான நிலத்தையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றால், அந்த விற்பனையை மைனர் பின்னால் தவிர்க்கலாம். அடமானம் வைப்பதற்கும் அதே விதி. எனவே மைனரோடு பணம் புழங்க வேண்டியிருந்தால், பெற்றவரின் கையெழுத்தைக் கார்டியன் என்ற இடத்தில் வாங்குவதைவிட, தாமே கடன்பட்டவர் என்ற இடத்தில் வாங்குவதுதான் பிடிமானம். மைனர் பெயர் அதே பத்திரத்தில் இருப்பதால் மேஜரின் பொறுப்பு குறைவதில்லை. முழுத் தொகைக்கும் வட்டிக்கும் அவர்மீது வழக்குப் போடலாம்.